மூன்று மாத வட்டி 47 ரூபாய்: அது எப்படி வந்தது?

வங்கிக் கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்த காலத்தில், புதிதாக எஸ்.பி. கணக்குத் தொடங்கியவர்கள் முதல் வட்டி வரவானதும் பாஸ்புக்கை நீட்டிக் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "இவ்வளவுதானா சார்?" ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவன அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்த தங்கச்சி மகள், 2025 அக்டோபர் தொடக்கத்தில் போன் செய்தாள்.

"மாமா, மூணு மாசத்துல 66,000 ரூபா சம்பளம் வந்திருக்கு. வட்டின்னு 47 ரூபா போட்டிருக்காங்க. ரெண்டரை பெர்சன்ட்னா 1,650 வரணும்லா? பேங்க்ல ஏமாத்துதாங்களா?"

வங்கி ஏமாற்றவில்லை. ஆனால் 'ஏமாற்றவில்லை' என்று வாயால் சொல்லி என்ன பயன்? கணக்கைப் போட்டுக் காட்ட வேண்டும். அவளிடம் ஸ்டேட்மென்ட் அனுப்பச் சொன்னேன். அன்று அவளுக்குச் சொன்னதையும், கவுன்ட்டரில் பார்த்துப் பழகிய சிலவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

அவள் கணக்கில் இரண்டு இடத்தில் சறுக்கல் இருந்தது. முதலாவது, 2.5 சதவீதம் என்பது ஒரு வருடத்துக்கான வட்டி. நூறு ரூபாய் வருடம் முழுக்க அசையாமல் கிடந்தால்தான் இரண்டரை ரூபாய். மூன்று மாதம் என்றால் அதில் கால்வாசி. இரண்டாவதுதான் முக்கியம். கணக்குக்குள் எவ்வளவு பணம் வந்தது என்பதை வட்டி பார்ப்பதில்லை. எவ்வளவு பணம், எத்தனை நாள் தங்கியது என்பதைத்தான் பார்க்கிறது. சேமிப்புக் கணக்கில் பணத்துக்குக் கிடைப்பது நாள் கூலி; வருகைப் பதிவு எடுப்பது ராத்திரியில். காலையில் வந்து மாலையில் போய்விட்ட பணத்துக்கு அன்றைய கூலி கிடையாது.

வங்கியில் இதை 'ப்ராடக்ட்' போடுவது என்போம். ஒவ்வொரு நாளும் கணக்கு முடிக்கும்போது, அதாவது 'டே எண்ட்' ஆகும்போது, இருப்பு எவ்வளவோ அதை எடுத்துக்கொள்ள வேண்டும். இப்படி எல்லா நாளின் இருப்பையும் கூட்டினால் வரும் தொகைதான் ப்ராடக்ட். அதை வட்டி வீதத்தால் பெருக்கி 36,500ஆல் வகுத்தால் வட்டி வந்துவிடும். 36,500 என்பது சதவீதத்துக்கான நூறையும் வருடத்தின் 365 நாளையும் பெருக்கிய எண், அவ்வளவுதான்.

இனி அவளுடைய கணக்கு. ஜூலை 1ஆம் தேதி 2,000 ரூபாய் போட்டுக் கணக்குத் தொடங்கியிருந்தாள். ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி 22,000 சம்பளம் வரும். அன்றைக்கே 10,000 வீட்டுக்கும் 6,000 ஹாஸ்டலுக்கும் போய்விடும். ஆக, சம்பளம் வந்த நாளின் முடிவில் கூடுதலாக நிற்பது 6,000 மட்டும். ஜூலை 15இல் 4,000 எடுத்திருக்கிறாள். ஆகஸ்ட் 20இல் 5,000 செலவு. செப்டம்பரில் வேறு செலவு இல்லை. இருப்பு மாறிய நாட்களை மட்டும் பிரித்து எழுதினால் இப்படி வரும்:

ஜூலை 1 முதல் 4 வரை: 4 நாள் × 2,000 = 8,000
ஜூலை 5 முதல் 14 வரை: 10 நாள் × 8,000 = 80,000
ஜூலை 15 முதல் ஆகஸ்ட் 4 வரை: 21 நாள் × 4,000 = 84,000
ஆகஸ்ட் 5 முதல் 19 வரை: 15 நாள் × 10,000 = 1,50,000
ஆகஸ்ட் 20 முதல் செப்டம்பர் 4 வரை: 16 நாள் × 5,000 = 80,000
செப்டம்பர் 5 முதல் 30 வரை: 26 நாள் × 11,000 = 2,86,000

நாட்களைக் கூட்டினால் 92. ஜூலை 31, ஆகஸ்ட் 31, செப்டம்பர் 30, சரியாக இருக்கிறது. இந்தச் சரிபார்ப்பை விட்டுவிடாதீர்கள். கையால் போடும்போது தவறு நேர்வது பெரும்பாலும் நாட்களை எண்ணுவதில்தான். இருப்பு மாறிய நாளைப் புது வரியில் சேர்க்க வேண்டும், பழைய வரியில் அல்ல. 15ஆம் தேதி பணம் எடுத்தால் 15ஆம் தேதி ராத்திரி இருப்பு குறைந்த இருப்புதானே.

கடைசி நெடுவரிசையின் கூட்டுத்தொகை 6,88,000. அதை 2.5ஆல் பெருக்கி 36,500ஆல் வகுத்தால் 47 ரூபாய் 12 காசு. வட்டியை அருகிலுள்ள ரூபாய்க்கு முழுமையாக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. 50 காசும் அதற்கு மேலும் இருந்தால் அடுத்த ரூபாய், குறைந்தால் விட்டுவிடலாம். ஆக 47. வங்கி போட்டதும் அதுவே.

போனில் எக்செல் அல்லது கூகுள் ஷீட்ஸ் வைத்திருப்பவர்கள், முதல் வரியைத் தலைப்புக்கு விட்டு, இரண்டாம் வரியிலிருந்து முதல் நெடுவரிசையில் (A) நாட்களையும் இரண்டாவதில் (B) இருப்பையும் இட்டு, ஒரே வரியில் விடையைப் பெறலாம்:

```
=SUMPRODUCT(A2:A7,B2:B7)*2.5/36500
```

இதே 6,88,000ஐ 92ஆல் வகுத்தால் ஏறக்குறைய 7,478 வருகிறது. மூன்று மாதத்தில் அவளுடைய சராசரி இருப்பு அதுதான். 66,000 வந்தது உண்மை. ஆனால் வங்கியைப் பொறுத்தவரை, அவள் கணக்கில் மூன்று மாதமும் 7,478 ரூபாய் கிடந்ததற்குச் சமம். இதைச் சொன்னதும்தான் அவளுக்கு விஷயம் பிடிபட்டது. 1,650 என்ற எண்ணை அதன் பிறகு அவள் எடுக்கவில்லை.

'நாள் முடிவு இருப்பு' என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். காலை பத்து மணிக்கு 20,000 ரூபாயை நண்பருக்கு அனுப்பி, ராத்திரி ஒன்பது மணிக்கு அவர் திருப்பி அனுப்பிவிட்டால் அன்றைய வட்டியில் ஒரு காசும் குறையாது. நடுவில் கணக்கு காலியாகக் கிடந்ததைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. அதுவே ராத்திரி பதினொன்றரை மணிக்கு வேறு வங்கிக்கு மாற்றினால், பகல் முழுக்க அங்கே பணம் இருந்திருந்தாலும் அன்றைய கணக்கில் அது சேராது.

ஆப்பில் தெரியும் இருப்புக்கும் வட்டிக்கு எடுத்துக்கொள்ளும் இருப்புக்கும் சில சமயம் வித்தியாசம் வரும். இரண்டு சந்தர்ப்பங்களைச் சொல்கிறேன். இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகும். காசோலை போட்டிருக்கிறீர்கள், அது இன்னும் கிளியரிங்கில் இருக்கிறது என்று வையுங்கள். மொத்த இருப்பில் அந்தத் தொகை தெரிந்தாலும் அது இன்னும் உங்கள் பணம் ஆகவில்லை. பணம் உண்மையில் சேர்ந்த நாளிலிருந்துதான் வட்டி. மறுபக்கம், புதுப் பங்கு வெளியீட்டுக்கு விண்ணப்பித்து, தொகையை வங்கி முடக்கி வைத்திருக்கிறது. அந்தப் பணத்தை நீங்கள் எடுக்க முடியாது, ஆனால் அது உங்கள் கணக்கை விட்டுப் போகவில்லை. ஆகவே அதற்கு வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். ஸ்டேட்மென்ட்டில் `Value Date` என்று தனியாக ஒரு தேதி அச்சிட்டிருந்தால், வட்டிக் கணக்குக்கு அந்தத் தேதியைத்தான் எடுக்க வேண்டும். பதிவான தேதியும் அதுவும் ஒன்றாக இல்லாத வரி ஏதாவது இருந்தால், உங்கள் கணக்குக்கும் வங்கிக் கணக்குக்கும் ஒன்றிரண்டு ரூபாய் இடிக்கும்.

இந்த தினசரி முறை ஏதோ ஆதிகாலத்திலிருந்து இருப்பது என்று இன்றைய பிள்ளைகள் நினைக்கிறார்கள். இல்லை. 2010 ஏப்ரல் 1 முதல்தான் இது. அதற்கு முன்பு, மாதத்தின் 10ஆம் தேதியிலிருந்து கடைசி நாள் வரைக்குள் இருந்த குறைந்தபட்ச இருப்பு எதுவோ, அந்த மாதம் முழுவதற்கும் அதற்கு மட்டுமே வட்டி. வரவு வைப்பதும் அரை வருடத்துக்கு ஒரு முறை. கம்ப்யூட்டர் வருவதற்கு முன் பெரிய லெட்ஜர்களைப் புரட்டி, ஒவ்வொரு கணக்கிலும் மாதம் மாதம் அந்தக் குறைந்தபட்ச இருப்பைத் தேடி எடுத்துக் கையால் ப்ராடக்ட் போட்டிருக்கிறோம். அரையாண்டு வந்தால் வீட்டுக்குப் போகும் நேரத்தை யாரும் கேட்கக் கூடாது. ஆயிரக்கணக்கான கணக்குகளுக்குத் தினசரி இருப்பைக் கூட்டுவது மனிதரால் ஆகாத காரியம். கிளைகள் கணினிக்கு மாறிய பிறகுதான் தினசரிக் கணக்கு நடைமுறைக்கு வர முடிந்தது.

அந்தப் பழைய முறையில் விவரம் தெரிந்தவர்கள் 10ஆம் தேதிக்குள் பணத்தைக் கொண்டுவந்து கட்ட அடித்துப் பிடித்து வருவார்கள். தெரியாதவர்களுக்கு எவ்வளவு போயிற்று என்பதற்கு ஓர் உதாரணம் போட்டுப் பார்க்கலாம். ஒருவர் கணக்கில் 500 ரூபாய் இருக்கிறது. நிலம் விற்ற பணம் ஒரு லட்சத்தை ஜனவரி 11ஆம் தேதி போடுகிறார். பிப்ரவரி 27ஆம் தேதி அந்த ஒரு லட்சத்தையும் எடுத்துவிடுகிறார். ஜனவரியில் 10ஆம் தேதி இருப்பு 500, ஆகவே ஜனவரிக்கு 500க்கு மட்டும் வட்டி. பிப்ரவரியில் 27ஆம் தேதியே இருப்பு மறுபடி 500 ஆகிவிட்டதால் அந்த மாதமும் அவ்வளவுதான். ஒரு லட்சம் ரூபாய் 47 நாள் வங்கியில் கிடந்தும் அதற்கென ஒரு காசு வட்டி இல்லை. 2003இலிருந்து அப்போதைய வீதம் 3.5 சதவீதம். தினசரி முறையில் போட்டிருந்தால் ஏறக்குறைய 450 ரூபாய் வந்திருக்கும். இப்படி வந்து நிற்பவரிடம் விதியைச் சொல்லி அனுப்புவது எங்களுக்கும் சங்கடம்தான். எனக்குத் தெரிந்து, சாதாரணக் கணக்குக்காரருக்கு உண்மையிலேயே பயன்பட்ட மாற்றங்களில் இது ஒன்று. விளம்பரம் இல்லாமல் வந்ததால் பலருக்குத் தெரியாது.

தபால் அலுவலக சேமிப்புக் கணக்கில் இன்றைக்கும் பழைய முறைதான். 10ஆம் தேதி முதல் மாதக் கடைசி வரைக்குள் குறைந்தபட்ச இருப்பு எதுவோ அதற்கே வட்டி, அதுவும் நிதியாண்டு முடிவில் ஒரே தடவை வரவு. ஆனால் அங்கே வீதம் 4 சதவீதம். தங்கச்சி மகளின் அதே இருப்புகளைத் தபால் முறையில் போட்டேன். ஜூலைக்கு 4,000, ஆகஸ்டுக்கு 5,000, செப்டம்பருக்கு 11,000, மொத்தம் 20,000. அதை 4ஆல் பெருக்கி, நூறையும் 12 மாதத்தையும் பெருக்கிய 1,200ஆல் வகுத்தால் 66 ரூபாய் 67 காசு. முறை பழையது, ஆனாலும் கூடுதல் வீதத்தால் வங்கியின் 47ஐ முந்திவிடுகிறது. அதனால் 'தினசரி முறை என்றால் எப்போதும் லாபம்' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல மாட்டேன். பணம் மாதக்கணக்கில் அசையாமல் கிடக்குமானால் தபால் கணக்கு நல்லது. மாதக் கடைசியில் வாரித் துடைத்து எடுக்கும் பழக்கம் இருந்தால் அங்கே வட்டி கையில் ஒட்டாது. இரண்டு முறையும் எப்படி வேலை செய்கின்றன என்பது தெரிந்தால் அவரவர் கணக்கை அவரவரே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

சரி, வரவு வைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். தினமும் வட்டி கணக்கிடப்படுகிறது என்றதும் தினமும் கணக்கில் சேரும் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. நாளுக்கு நாள் சேரும் வட்டியை வங்கி தன் உள்கணக்கில் வைத்துக்கொண்டே போகும். உங்கள் இருப்பில் அது தெரியாது. காலாண்டு முடியும்போதுதான் மொத்தமாக உங்கள் கணக்கில் வந்து விழும். காலாண்டுக்கு ஒரு முறையோ அதைவிடக் குறைந்த இடைவெளியிலோ வரவு வைக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி 2016இல் கொண்டுவந்த விதி. மாதா மாதம் வரவு வைக்கும் வங்கிகளும் உண்டு. என்றாலும் பெரும்பாலானவற்றில் ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் மாதங்கள்தான்.

எல்லா வங்கியும் காலாண்டின் கடைசி நாளையே பிடித்துக்கொள்வதில்லை. மாதம் முடியச் சில நாட்கள் இருக்கும்போதே, 25ஆம் தேதி போல, வரவு வைக்கும் வங்கிகளும் இருக்கின்றன. அப்படிப்பட்ட வங்கியில் வட்டியைச் சரிபார்க்கும்போது ஜூலை 1இலிருந்து எண்ணத் தொடங்கினால் விடை பொருந்தாது. போன தடவை எந்தத் தேதி வரைக்கும் வட்டி கொடுத்தார்களோ அதற்கு மறுநாளிலிருந்து எண்ண வேண்டும். நல்ல வேளையாக, சில ஸ்டேட்மென்ட்டுகளில் காலத்தையும் சேர்த்தே அச்சிடுகிறார்கள். அவளுடையதில் `Int.Pd:01-07-2025 to 30-09-2025` என்று இருந்தது. சிலவற்றில் வெறும் `CREDIT INTEREST` என்று மட்டும் இருக்கும். அப்போது முந்தைய வரவின் தேதியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கணக்கை நடுக் காலாண்டில் தொடங்கினால் தொடங்கிய நாளிலிருந்து வட்டி. நடுவில் மூடினால் அதுவரை சேர்ந்த வட்டியையும் சேர்த்துக் கொடுத்துதான் மூடுவார்கள். அந்த வட்டி போய்விடுமே என்று பயந்து செப்டம்பர் 30 வரை காத்திருக்கத் தேவையில்லை.

வரவான வட்டி மறுநாளிலிருந்து இருப்பின் ஒரு பகுதி. அதற்கும் வட்டி உண்டு. இதில் கிடைக்கும் ஆதாயத்தைப் பெரிதாக எண்ண வேண்டாம். ஒரு லட்சம் ரூபாய் வருடம் முழுக்க 2.5 சதவீதத்தில் கிடந்தால் வருடத்துக்கு ஒரே தடவை வட்டி போட்டால் 2,500; காலாண்டுக்கு ஒரு தடவை என்றால் ஏறக்குறைய 2,524. வித்தியாசம் 24 ரூபாய்.

காலாண்டின் நடுவே வட்டி வீதம் மாறினால் குழப்பம் வரும். 2025 ஜூனில் இது பலருக்கு நடந்தது. ரிசர்வ் வங்கி ரெப்போ வீதத்தை அரை சதவீதம் குறைத்ததை ஒட்டி வங்கிகள் வரிசையாகச் சேமிப்பு வட்டியைக் குறைத்தன. பாரத ஸ்டேட் வங்கி ஜூன் 15 முதல் 2.70இலிருந்து 2.50க்கு வந்தது. இப்படி நடக்கும்போது வீதம் மாறிய நாளில் கோடு கிழித்து, இரண்டு துண்டாகக் கணக்குப் போட வேண்டும். உதாரணத்துக்கு, ஏப்ரல் முதல் ஜூன் வரை 50,000 ரூபாய் அசையாமல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 1 முதல் ஜூன் 14 வரை 75 நாளுக்கு 2.70இல் 277 ரூபாய் 40 காசு. மீதி 16 நாளுக்கு 2.50இல் 54 ரூபாய் 79 காசு. மொத்தம் 332. முழுக்கப் பழைய வீதம் என்று எண்ணியிருந்தால் 337 எதிர்பார்த்திருப்பீர்கள். அந்த ஐந்து ரூபாய் எங்கே போயிற்று என்று தேடுவதற்கு முன், வங்கியின் இணையதளத்தில் வீதம் எந்தத் தேதியில் மாறியது என்று பார்த்துவிடுங்கள். கணக்குத் தொடங்கிய நாளின் வீதம் நிலையாக இருக்கும் என்பது ஃபிக்ஸட் டெபாசிட்டுக்குப் பொருந்தும். சேமிப்புக் கணக்குக்குப் பொருந்தாது.

2011 அக்டோபர் வரை எல்லா வங்கிக்கும் ஒரே வீதம். ரிசர்வ் வங்கி நிர்ணயிக்கும். அதன் பிறகு அவரவர் விருப்பம். ஒரு லட்சம் வரையிலான இருப்புக்கு ஒரு வங்கி எல்லாருக்கும் ஒரே வீதம் கொடுக்க வேண்டும், அதற்கு மேற்பட்ட இருப்புக்கு வேறு வீதங்கள் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். '6 சதவீதம் வரை' என்று வரும் விளம்பரங்களில் 'வரை' என்ற சொல் அதனால்தான் நிற்கிறது. பல வங்கிகளில் உயர்ந்த வீதம் வரம்புக்கு மேலே இருக்கும் பகுதிக்கு மட்டுமே. ஒரு லட்சம் வரை 3, அதற்கு மேல் 6 என்றால், ஒன்றரை லட்சம் வைத்திருப்பவருக்கு மொத்தத்தில் கிடைப்பது 4 சதவீதம்தான்.

இதையெல்லாம் கேட்டுவிட்டுத் தங்கச்சி மகள் நல்ல கேள்வி ஒன்று கேட்டாள்: "அப்போ ஹாஸ்டல் பணத்த 5ஆம் தேதி கட்டாம 10ஆம் தேதி கட்டினா வட்டி கூடுமா மாமா?"

கூடும். எவ்வளவு என்பதுதான் பார்க்க வேண்டியது. 2.5 சதவீதத்தில் ஆயிரம் ரூபாய்க்கு ஒரு நாள் வட்டி ஏறக்குறைய 7 காசு. இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் பேப்பர் பேனா வேண்டாம். ஆறாயிரம் ரூபாய் ஐந்து நாள் தங்கினால் இரண்டு ரூபாய். அதற்காக ஹாஸ்டல் வார்டனிடம் பேச்சு வாங்க வேண்டியதில்லை. லட்சக்கணக்கில் பணம் கையாள்பவருக்கு நாள் வித்தியாசம் முக்கியம்: ஒரு லட்சத்துக்கு நாளொன்றுக்கு 6 ரூபாய் 85 காசு. 22,000 சம்பளக்காரருக்கு அது பொருட்டே இல்லை.

அவளுக்குப் பொருட்டாக வேண்டியது வேறு. அதே ஸ்டேட்மென்ட்டில், வட்டி வரவுக்குக் கொஞ்சம் மேலே, எஸ்.எம்.எஸ். கட்டணம் என்று 17 ரூபாய் 70 காசு பற்று இருந்தது. 15 ரூபாய் கட்டணம், மீதி ஜி.எஸ்.டி. மூன்று மாத வட்டியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதற்கே சரியாகிவிட்டது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை. வட்டி வரியைத் தேடும் கண் பற்று வரிகளையும் ஒரு தடவை மேய வேண்டும்.

குறைந்தபட்ச சராசரி இருப்பு கேட்கும் வங்கிகளில் இது இன்னும் முக்கியம். ஏனென்றால் அந்தச் சராசரியும் இதே ப்ராடக்ட் கணக்குத்தான்: மாதத்தின் நாள் முடிவு இருப்புகளைக் கூட்டி, நாட்களால் வகுப்பது. அவளுடையது சம்பளக் கணக்கு, அந்த நிபந்தனை இல்லை. இருந்திருந்தால்? ஜூலை மாதத்தை மட்டும் கூட்டினால் 8,000, 80,000, அப்புறம் 17 நாளுக்கு 4,000 வீதம் 68,000, மொத்தம் 1,56,000. 31ஆல் வகுத்தால் 5,032. பத்தாயிரம் சராசரி கேட்கும் வங்கியாக இருந்தால் அபராதம் விழும். அந்த அபராதம் பெரும்பாலும் மூன்று மாத வட்டியான 47 ரூபாயோடு நிற்காது. வேலை மாறும்போது கவனம் தேவை. சம்பளம் வருவது நின்று சில மாதங்களில் சம்பளக் கணக்கைச் சாதாரண சேமிப்புக் கணக்காக மாற்றிவிடும் வங்கிகள் உண்டு. அன்றிலிருந்து நிபந்தனை ஓடத் தொடங்கும். பாரத ஸ்டேட் வங்கி 2020இலேயே சாதாரண சேமிப்புக் கணக்குகளுக்குக் குறைந்தபட்ச இருப்பு நிபந்தனையை எடுத்துவிட்டது. கனரா வங்கி, இந்தியன் வங்கி போன்றவை 2025இல் எடுத்தன. தனியார் வங்கிகள் பலவற்றில் இன்னும் இருக்கிறது.

வருமான வரி பற்றி ஒரு வார்த்தை. சேமிப்புக் கணக்கு வட்டியில் வங்கி டி.டி.எஸ். பிடிப்பதில்லை. பிடிக்கவில்லை என்பதற்காக அது வருமானம் இல்லை என்றாகாது. ரிட்டர்ன் போடுபவர் நான்கு காலாண்டு வட்டியையும் கூட்டிக் காட்ட வேண்டும். பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்த, 60 வயதுக்குட்பட்டவர்களுக்கு 10,000 ரூபாய் வரை கழிவு உண்டு, புதிய முறையில் அது இல்லை.

கல்லூரியில் உதவித்தொகைக்காகத் தொடங்கிய கணக்கு ஒன்றும் அவளிடம் இருந்தது. "அதுல வட்டி விழுந்துக்கிட்டேதான் இருக்கு, அதனால கணக்கு உயிரோடதான் இருக்கும்" என்றாள். பாதி சரி. வட்டி விழும், இரண்டு வருடம் எந்தப் பரிவர்த்தனையும் இல்லாமல் செயலற்ற கணக்காகிவிட்டாலும் வட்டியை நிறுத்தக் கூடாது என்பது விதி. ஆனால் வங்கி தானாகப் போடும் வட்டி வரவும், தானாகப் பிடிக்கும் கட்டணமும் கணக்குதாரர் செய்த பரிவர்த்தனை ஆகாது. பாஸ்புக்கில் காலாண்டுக்கு ஒரு வரி ஏறிக்கொண்டே இருக்க, இரண்டு வருடம் முடிந்ததும் கணக்கு செயலற்றதாகிவிடும். பிறகு அதை எழுப்ப ஆதார், பான் நகல்களோடு கே.ஒய்.சி. புதுப்பிக்க வேண்டும். பத்து வருடம் அப்படியே கிடந்தால் பணம் ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் நிதிக்குப் போய்விடும். அங்கிருந்தும் கேட்டு வாங்கலாம், ஆனால் அலைய வேண்டும். அந்தக் கணக்குக்கு யூ.பி.ஐ.யில் நூறு ரூபாய் அனுப்பச் சொன்னேன். அன்று சாயங்காலமே அனுப்பிவிட்டு ஸ்க்ரீன்ஷாட் போட்டாள்.